முதல் கண்ணாடி ஷட்டிலுக்குத்தான்

கேள்வி: எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம்ங்க. பையனுக்கு 13 வயசு, இரண்டு கண்ணிலும் மைனஸ் நாலரை. காலையில் கிரிக்கெட் கோச்சிங், லெதர் பந்தில் விக்கெட் கீப்பிங்கும் பேட்டிங்கும். சாயங்காலம் ஷட்டில். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள். ஹெல்மெட் மாட்டினால் கண்ணாடி கோணிக்கொள்கிறது, ஷட்டில் ஆடும்போது மூக்கில் இருந்து நழுவுகிறது. கடையில் கேட்டால், "லென்ஸ் அன்பிரேக்கபிள்தாங்க, ஒரு ஸ்ட்ராப் மாட்டிக்குங்க, போதும்" என்கிறார்கள். போதுமா? மூன்றுக்கும் ஒரே கண்ணாடி சரிவருமா?

பதில்:

வணக்கம்ங்க. நீங்கள் ஸ்ட்ராப்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அந்த "அன்பிரேக்கபிள்" என்ற வார்த்தைதான் கவலை தருகிறது. அதனால் அதை முதலில் பேசிவிடலாம்.

அந்த வார்த்தை கண்ணாடிக் கல் லென்ஸ் ஓடிய காலத்தில் வந்தது. அப்போது பிளாஸ்டிக் லென்ஸ் புதிதாக வந்தது. கீழே விழுந்தால் உடையவில்லை. அதனால் கடைக்காரர்கள் அன்பிரேக்கபிள் என்றார்கள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மேசையிலிருந்து தரையில் விழுவதைத் தாங்குவது வேறு, கண்ணுக்கு நேரே வேகமாக வரும் ஒன்றைத் தாங்குவது வேறு. அமெரிக்காவில் சாதாரணக் கண்ணாடி லென்ஸுக்கு ஒரு சோதனை உண்டு. 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டையை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து லென்ஸ் மேல் போடுவார்கள். உடையாமல் இருந்தால் பாஸ். அந்த உருண்டை லென்ஸைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 18 கிலோமீட்டர்தான். பையன் சைக்கிளில் போகிற வேகம் அது.

ஷட்டிலில் காக்கின் எடை 5 கிராம் அளவுதான், எஃகு உருண்டையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வேகம் வேறு. 2023-ல் சாத்விக்சாய்ராஜ் அடித்த ஸ்மாஷ் 565 கிலோமீட்டர் வேகம் என்று உலக சாதனையாகப் பதிவானது. அது ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் கணத்து வேகம். இறகு காற்றைப் பிடிப்பதால் காக் சட்டென்று மெதுவாகிவிடும். உங்கள் பையன் ஆடுகிற கோர்ட்டில், நெட் பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த உருண்டையைப் போலப் பத்து மடங்கு சக்தி லென்ஸில் இறங்கும். காக்கின் தக்கை எஃகைப் போலக் கடினமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் சாதாரண லென்ஸை நம்பி முகத்தைக் காட்ட இது போதாது.

இன்னொரு விஷயம். கண் குழியின் வாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அகலம், மூன்றரை சென்டிமீட்டர் உயரம். கிரிக்கெட் பந்து 7 சென்டிமீட்டருக்கு மேல். அதனால் பந்தின் பெரும் பகுதி புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் மோதி நின்றுவிடும். எலும்பு முறியலாம், கண்ணும் அடிபடலாம், ஆனால் எலும்பு அடியின் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. காக்கின் தக்கை 25 முதல் 28 மில்லிமீட்டர். அது எலும்பைத் தொடாமலே நேராகக் கண்ணுக்குள் இறங்கும். டபுள்ஸில் கூட்டாளியின் ராக்கெட் முனையும் அப்படித்தான். ஷட்டிலில் தலைக்கு ஹெல்மெட்டும் கிடையாது. அதனால்தான் மூன்றில் எதற்கு முதலில் பணம் போட வேண்டும் என்று கேட்டால், யாரும் எதிர்பார்க்காத ஷட்டிலைச் சொல்கிறேன்.

போன வருடம் ஈரோட்டில் என்னிடம் ஒரு பெண் பிள்ளை வந்தாள், பதினாறு வயசு. டபுள்ஸில் முன்னால் நின்றவள், பின்னால் நின்ற தோழி அடித்ததைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். காக் வலது லென்ஸின் நடுவில் பட்டு, லென்ஸ் மூன்று துண்டானது. கண் இமையில் ஒரு வெட்டு, கருவிழிக்குப் பின்னால் கண்ணின் முன்னறையில் ரத்தம் கட்டியிருந்தது. நல்லபடியாக ஆகிவிட்டது, பார்வைக்குக் குறையில்லை. ஆனால் அந்த மூன்று துண்டுகளையும் மேசையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தபோது, நடுப்பகுதி ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் இருந்தது. கவரில் எழுதியிருந்தது 1.56. கடையில் அவர்களுக்கும் அன்பிரேக்கபிள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த எண்ணைக் கவனியுங்கள். லென்ஸ் செய்த பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் எண் அது, தடிமன் அல்ல. 1.50, 1.56 எல்லாம் பிளாஸ்டிக் லென்ஸ்தான், அன்றாடத்துக்குப் போதும். விளையாட்டுக்கு வேண்டியது 1.59, அதாவது பாலிகார்பனேட். 1.56-க்கும் 1.59-க்கும் எண்ணில் சின்ன வித்தியாசம், பொருளில் பெரிய வித்தியாசம். 1.56 அடிபட்டால் வெடித்துச் சிதறும். பாலிகார்பனேட் வளைந்து, குழிந்து, அடியை வாங்கிக்கொள்ளும். போலீஸ்காரர்கள் கல்லெறியைத் தடுக்கப் பிடிக்கும் ஒளி ஊடுருவும் கேடயம் இதே பொருள்தான். டிரைவெக்ஸ் என்று இன்னொன்று உண்டு, எண் 1.53, அதுவும் தாங்கும், ஓரத்துப் பார்வை இதைவிடத் தெளிவு, கையில் இன்னும் லேசு. கிடைத்தால் வாங்கலாம், கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடையில் ஆர்டர் கொடுக்கும்போது வாயால் சொன்னால் போதாது. பில்லில் "பாலிகார்பனேட் 1.59, நடுத் தடிமன் 2 மில்லிமீட்டர்" என்று எழுதி வாங்குங்கள். தடிமனை ஏன் சொல்கிறேன் என்றால், மைனஸ் லென்ஸில் நடுவில்தான் மெலிசு. அழகுக்காக லேபில் அதை இன்னும் மெலிசாக ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு இழைப்பார்கள். பொருள் நல்லதாக இருந்தும் தடிமன் போய்விட்டால் பாதி பலம் போய்விடும். உங்கள் பையனின் மைனஸ் நாலரைக்கு, 5 சென்டிமீட்டர் அகல ஃபிரேமில் நடுவில் 2 வைத்தால் ஓரம் சுமார் நாலரை மில்லிமீட்டர் வரும். "ஓரம் தடியா இருக்குதுங்க" என்று பையன் சொல்லுவான். அது வேண்டுமென்றே வைத்த தடிமன் என்று அவனுக்குச் சொல்லிவையுங்கள். லென்ஸ் வந்ததும் தடிமன் அளக்கும் கருவியை வைத்து நடுவில் அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நிமிட வேலைதான், எந்தக் கடையிலும் செய்வார்கள்.

ஃபிரேமுக்கு வருவோம். லென்ஸ் உடையாமலே கண்ணில் அடிக்க வழியுண்டு. சாதாரண ஃபிரேமில் லென்ஸை முன்புறத்திலிருந்து அமுக்கினால் பின்னால் தெறித்துவிடும், அதாவது கண்ணை நோக்கி. விளையாட்டு ஃபிரேமில் பின்புற விளிம்பு உயர்ந்திருக்கும். லென்ஸ் முன்னாலிருந்துதான் உட்காரும், பின்னால் போக வழியிருக்காது. கடையில் இரண்டு கட்டைவிரலையும் லென்ஸின் முன்பக்கத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். நகர்ந்தால் வேண்டாம். பாதி விளிம்பு, விளிம்பே இல்லாத ஃபிரேம், ஸ்குரூ போட்டு மாட்டியது எதுவும் ஷட்டில் கோர்ட்டுக்கு ஆகாது. ஏ.எஸ்.டி.எம். எஃப்803 போன்ற தரக்குறியீடு உள்ள ஃபிரேமாக இருந்தால் நல்லது. அதிலும் ஒரு சிக்கல்: அந்தக் குறியீடு ஃபிரேமும் அதோடு வந்த லென்ஸும் சேர்ந்த சோதனைக்குத்தான். நீங்கள் வெளியில் பவர் லென்ஸ் போட்டுக்கொண்டால் அந்தக் குறியீடு கைகொடுக்காது. அதனால்தான் லென்ஸையும் தடிமனையும் எழுதி வாங்கச் சொன்னேன்.

சரி, ஸ்ட்ராப். ஸ்ட்ராப் கண்ணாடியை விழாமல் பிடிக்கும்; அடியிலிருந்து காக்காது. இப்போதைய கண்ணாடிக்கே ஸ்ட்ராப் மாட்டினால் என்ன ஆகும் என்றால், உடையக்கூடிய லென்ஸ் முகத்தோடு இறுக்கமாக ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். கண்ணாடி நழுவி விழுந்து போயிருந்தால்கூடத் தப்பித்திருக்கும் கண்ணின் முன்னால் அது நின்றுகொண்டிருக்கும். லென்ஸும் ஃபிரேமும் மாறிய பிறகுதான் ஸ்ட்ராப்.

ஷட்டிலுக்கு நல்லது காதுக் கம்பிக்குப் பதிலாகவே எலாஸ்டிக் பட்டை வருகிற ஃபிரேம். தலையைச் சுற்றி, காதுக்கு மேலே, பின்மண்டையின் எலும்பு மேட்டுக்குச் சற்றுக் கீழே உட்கார வேண்டும். மேட்டுக்கு மேலே போனால் வழுக்கி ஏறும். கழுத்தில் இறங்கினால் தலையைப் பின்னால் சாய்க்கும்போது கண்ணாடி மூக்கிலிருந்து எழும்பும். இறுக்கம் எவ்வளவு என்றால், பட்டைக்கும் தலைக்கும் நடுவில் ஒரு விரல் சுலபமாகப் போக வேண்டும். கழற்றிய பிறகு கண்ணைச் சுற்றி ஆழமான தடம் இருந்தால் அதிக இறுக்கம். இறுக்கினால் லென்ஸ் இமை மயிரைத் தொடும், வியர்வை லென்ஸில் பூசும், உள்ளே பனி படியும். கடையிலேயே பத்துத் தடவை குதிக்கச் சொல்லி, தலையை இடமும் வலமும் உலுக்கச் சொல்லிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், அது சரியான சோதனை.

பனி படிவதைச் சொன்னேன். நம்ம பக்கம் தகரக் கூரை போட்ட ஹால்கள்தான் அதிகம்; காக் திரும்பிவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். அதற்குள் முழுவதும் மூடிய கண்ணாடி ஐந்து நிமிடத்தில் மங்கும். மங்கினதும் பையன் கழற்றித் துடைப்பான், அப்புறம் போட மாட்டான். புருவத்துக்கு மேலே காற்றுப் போகும் ஓட்டைகள் உள்ள ஃபிரேமாகப் பாருங்கள். நெற்றிக்கு வியர்வைப் பட்டை ஒன்றும் கொடுங்கள்.

இனி ஹெல்மெட். கண்ணாடி கோணிக்கொள்கிறது என்றால் காதுக் கம்பி தடித்ததாகவும் காதுக்குப் பின்னால் வளைந்ததாகவும் இருக்கிறது என்று அர்த்தம். ஹெல்மெட்டின் பஞ்சு அந்த வளைவைத் தள்ளுகிறது. கோணல் மட்டும் பிரச்சினை இல்லை. கம்பி தள்ளுவதால் ஹெல்மெட் முழுவதும் சற்று மேலே ஏறி உட்காரும். விளிம்புக்கும் கிரில்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இடம் மாறிவிடும். இடைவெளி பந்து நுழையாத அளவுக்கு அமைக்கப்பட்டிருந்தாலும் தலையில் அது நிற்க வேண்டிய இடத்தில் நின்றால்தான் அதற்கு மதிப்பு. ஸ்ட்ராப்பின் பிளாஸ்டிக் பக்கிளும் இதே வேலையைச் செய்யும்: பின்மண்டையில், ஹெல்மெட்டின் பஞ்சு அமரும் இடத்தில் அது மேடாக நின்றால் ஹெல்மெட் முன்னால் சாயும். பந்து பட்டால் அந்த பக்கிள் மண்டையில் அழுந்தும்.

அதனால் கிரிக்கெட்டுக்கு ஸ்ட்ராப் வேண்டாம், மெலிந்த நேர்க் கம்பி போதும். ஹெல்மெட்டின் பஞ்சே கம்பியைப் பிடித்துக்கொள்ளும். இப்போது பல விளையாட்டு ஃபிரேம்களில் பட்டையும் நேர்க் கம்பியும் இரண்டும் சேர்ந்து வருகின்றன, ஒரு அமுக்கில் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்: ஒரே ஃபிரேம், ஒரே லென்ஸ், இரண்டு பிடிப்பு. கோர்ட்டில் பட்டை, ஹெல்மெட்டுக்குள் கம்பி.

வாங்கப் போகும்போது ஹெல்மெட்டையும் பேட்டையும் பையனோடு கூட்டிக்கொண்டு போங்கள். நான் சும்மா சொல்லவில்லை. கண்ணாடி போட்ட பிறகு ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் விரித்து மாட்டச் சொல்லுங்கள். மாட்டினதும் கண்ணாடி நேராக இருக்கிறதா, கண்ணின் பாப்பா லென்ஸின் நடுவுக்கு நேரே வருகிறதா என்று பாருங்கள். ஹெல்மெட்டின் விளிம்பு இரண்டு விரல் அளவு புருவத்துக்கு மேலே போனால் அந்த ஃபிரேம் சரியில்லை. கிரில்லுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பையனின் ஒரு விரலாவது போக வேண்டும். பந்து பட்டால் கிரில் உள்ளே கொஞ்சம் வளையும், அப்போது லென்ஸைத் தொடக் கூடாது.

அப்புறம் பேட்டிங் நிலையில் நிற்கச் சொல்லுங்கள். வலது கைப் பையன் என்றால் இடது தோளுக்கு மேலாகப் பந்து போடுபவரைப் பார்ப்பான். அப்போது இடது கண் லென்ஸின் வெளிப்பக்க ஓரம் வழியாகவும், வலது கண் மூக்குப் பக்க ஓரம் வழியாகவும் பார்க்கும். இடது கம்பி தடித்திருந்தால், அல்லது மூட்டு முன்னால் துருத்திக்கொண்டிருந்தால், பந்து வரும் வழி அங்கேதான் மறையும். நேராக முன்னால் பார்த்து "நல்லா தெரியுதுங்க" என்று சொல்லிப் பையன்கள் வாங்கிவிடுவார்கள். மைதானத்தில் நிற்கும்போதுதான் தெரியவரும். மைனஸ் நாலரையில் ஓரத்தில் பார்வை கொஞ்சம் நிறம் பிரிந்தும் தெரியும், பாலிகார்பனேட்டின் குறை அது. முதல் இரண்டு வாரம் வலையில் ஆடிப் பழகினால் போய்விடும். போகாவிட்டால் லென்ஸின் மையம் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீப்பிங் செய்கிறான் என்பதால் ஒன்று சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் 2012-ல் இங்கிலாந்தில் டாண்டனில் நடந்த ஆட்டத்தில் ஸ்டம்ப்புக்கு அருகில் நின்று கீப்பிங் செய்துகொண்டிருந்தார். சுழற்பந்தில் பேட்ஸ்மேன் போல்டானபோது பறந்த பெயில்ஸ் அவரது இடது கண்ணில் பட்டது. தலையில் ஹெல்மெட் இல்லை. அவரது கிரிக்கெட் வாழ்க்கை அதோடு முடிந்தது. பெயில்ஸும் காக்கைப் போல எலும்புக்கு இடையில் நுழையும் பொருள்தான். அதனால் உங்கள் பையன் சுழல் பந்துக்கு ஸ்டம்ப் அருகில் நிற்கும்போது கண்ணாடியும் ஹெல்மெட்டும் இரண்டும் வேண்டும். கோச் "தள்ளி நில்லு" என்றால் கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

சைக்கிளுக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம், இதே கண்ணாடியை நேர்க் கம்பியோடு போட்டுக்கொள்ளலாம். அங்கே ஆபத்து பந்து இல்லை, காற்றும் தூசியும் மாலையில் வரும் பூச்சியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் வீசுகிற பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் என்றால் முகத்தோடு நன்றாக வளைந்த லென்ஸ் வேண்டும் என்பேன். உங்கள் ஊருக்கு ஓரம் மூடிய விளையாட்டு ஃபிரேமே போதும். முழுவதும் வளைந்த சைக்கிள் கண்ணாடியில் மைனஸ் நாலரையை அப்படியே போட்டால் தலைசுற்றும்; வளைவுக்கு ஏற்ப பவரைத் திருத்திப் போட வேண்டும். அந்தச் செலவு பையனுக்கு இப்போது தேவையில்லை. சைக்கிள் ஹெல்மெட்டில் மட்டும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்: காதுக் கம்பி ஹெல்மெட்டின் நாடாக்களுக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே அல்ல. விழுந்தால் கண்ணாடி தனியாகக் கழன்று போகும், முகத்தில் அழுந்தாது. பின்பக்கத்தில் திருகும் சக்கரம் கம்பி முனையைத் தொட்டால் ஹெல்மெட் இறுகாது. முனை காதைத் தாண்டி அதிகம் நீளாதபடி கடையில் சூடாக்கி வளைத்துக் கொடுப்பார்கள். லென்ஸ் நிறமில்லாமல் இருக்கட்டும். இருட்டினதும் டியூஷனிலிருந்து திரும்புகிறவனுக்குக் கறுப்புக் கண்ணாடி ஆகாது.

பராமரிப்பில் ஒன்றுதான் முக்கியம். பாலிகார்பனேட் சுலபமாகக் கீறும், அதனால் மேலே கடினப் பூச்சு போட்டிருப்பார்கள். வேட்டி முனையில், சட்டையில் உலர்வாகத் துடைக்கக் கூடாது. தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு சோப்பு, அப்புறம் மெல்லிய துணி. பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி இவற்றில் ஏதாவது பட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். ஒரே அடியில் அங்கேதான் கிழியும். வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் வைக்க வேண்டாம். ஒரு முறை பலமாக அடி வாங்கிய லென்ஸை, தழும்பு இல்லாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். வீட்டில் போடும் பழைய கண்ணாடி படிப்புக்கு இருக்கட்டும். ஷட்டில் பையில் அது இருக்கவே கூடாது, அவசரத்துக்கு அதைத்தான் எடுத்து மாட்டுவான்.

கடைசியாக, நாலரை பவர் உள்ள கண்ணில் விழித்திரை சாதாரணத்தைவிட நீண்டு மெலிந்திருக்கும். வாங்கப் போகும் முன் ஒரு தடவை மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிடுங்கள். ஏதாவது பலவீனமான இடம் தெரிந்தால் ஆட்டத்துக்கு முன்னால் அதைச் சரிபார்க்கலாம். ஆட்டத்தில் கண்ணில் அடி பட்டால் தேய்க்க வேண்டாம், அழுத்த வேண்டாம், ஐஸ் வைத்து அமுக்க வேண்டாம். மின்னல் போல ஒளி, கறுப்புப் புள்ளிகள் பறப்பது, ஒரு பக்கம் திரை விழுவது போல மறைவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும். வலி இல்லை என்று மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். விழித்திரை வலிக்காதுங்க.